ரைட்ஸ் இஷ்யூ: 210 ரூபாய் தள்ளுபடி உண்மையிலேயே தள்ளுபடிதானா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நேரா கணக்குக்குள்ள போயிடலாம்.

உங்ககிட்ட ஒரு கம்பெனியோட ஷேர் இருக்கு. சந்தையில அதோட விலை 1,467 ரூபாய். திடீர்னு கம்பெனி ஒரு அறிவிப்பு விடுது: "ஏற்கெனவே எங்க ஷேர் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் புது ஷேரை 1,257 ரூபாய்க்குத் தர்றோம்." ஒரு ஷேருக்கு 210 ரூபாய் குறைவு. கேட்டவுடனே என்ன தோணும்? "சும்மா கிடைக்கிற லாபம், விடக் கூடாது"ன்னு தோணும். இன்னும் சிலர், "எனக்குப் புது ஷேர் வேண்டாம், கையில காசும் இல்ல"ன்னு வந்த மெசேஜை அப்படியே தள்ளி விட்டுடுவாங்க.

இந்த ரெண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தப்பா புரிஞ்சிருக்காங்க. முதல் ஆளுக்கு அங்க லாபம்னு ஒண்ணு இல்ல. ரெண்டாவது ஆள் எதுவுமே பண்ணாததால நிஜமான நஷ்டம் அடையறார். இது எப்படின்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

நிஜமா நடந்த கதை

நான் சொன்ன எண்கள் கற்பனை இல்ல. 2020 ஏப்ரல் 30ஆம் தேதி ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் ஒரு ரைட்ஸ் இஷ்யூ அறிவிச்சாங்க. 53,000 கோடி ரூபாய்க்கு மேல திரட்டினாங்க. அன்னைக்கு ஷேர் முடிஞ்ச விலை சுமார் 1,467 ரூபாய். புது ஷேரோட விலை 1,257. விகிதம் 15க்கு 1. அதாவது, உங்ககிட்ட 15 ஷேர் இருந்தா, ஒரு புது ஷேர் வாங்கற உரிமை கிடைக்கும். யார் யாருக்கு அந்த உரிமைன்னு முடிவு பண்ற ரெக்கார்டு தேதி மே 14.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய முதல் விஷயம், ரெக்கார்டு தேதியை ஒட்டி ஒரு கோடு விழுது. அந்தக் கோட்டுக்கு முன்னாடி ஷேர் வாங்கினா, ஷேரோட சேர்ந்து உரிமையும் வரும். அதுக்கு அப்புறம் வாங்கினா வெறும் ஷேர் மட்டும்தான். இப்படி உரிமை கழிஞ்ச பிறகு விக்கற ஷேரைத்தான் 'எக்ஸ்-ரைட்ஸ்'னு சொல்றாங்க.

தேங்காய் வாங்கும்போது மட்டையோட வாங்கறதுக்கும் உரிச்சு வாங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அதே மாதிரிதான். உரிமை கழிஞ்ச ஷேரோட விலை கொஞ்சம் குறையணும். கேள்வி என்னன்னா, எவ்வளவு குறையணும்?

கலந்தா என்ன விலை?

இதுக்கு ஒரு அரிசிக் கடைக் கணக்கு போதும். 15 கிலோ அரிசி, கிலோ ஒரு விலை. அதோட ஒரு கிலோ மலிவான அரிசியைக் கலக்கறீங்க. இப்போ மூட்டையில இருக்கிற 16 கிலோவும் ஒண்ணுதான், எது பழசு எது புதுசுன்னு பிரிக்க முடியாது. அப்போ ஒரு கிலோவோட விலை, மொத்தக் காசை 16ஆல வகுத்தா வர்றது.

ஷேர்லயும் அதேதான். புது ஷேர், பழைய ஷேர் எல்லாம் ஒரே கம்பெனியோட ஒரே மாதிரி பங்கு. எனவே:

15 பழைய ஷேர் × 1,467 = 22,005 ரூபாய்
1 புது ஷேர் × 1,257 = 1,257 ரூபாய்
மொத்தம் 16 ஷேருக்கு 23,262 ரூபாய்
ஒரு ஷேருக்கு 23,262 ÷ 16 = 1,453.88 ரூபாய்

இந்த 1,453.88தான், உரிமை கழிஞ்ச பிறகு ஷேர் இருக்க வேண்டிய விலைன்னு கணக்கு சொல்றது. ஆங்கிலத்துல இதைச் சுருக்கி 'டெர்ப்'னு சொல்வாங்க. நாமளும் அப்படியே கூப்பிடுவோம்.

1,467ல இருந்து 1,453.88க்கு வந்துடுச்சு. ஒரு ஷேருக்கு 13.12 ரூபாய் குறைஞ்சிருக்கு. ரெக்கார்டு தேதியை ஒட்டி உங்க ஆப்ல இந்த அளவு சிவப்பு தெரிஞ்சா, கம்பெனிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த 13.12 ரூபாய் காணாமப் போகல. உங்க ஷேர்ல இருந்து பிரிஞ்சு, 'உரிமை'ங்கற தனிப் பொருளா மாறி உங்க கணக்குல உக்காந்திருக்கு.

அப்போ ஒரு உரிமையோட மதிப்பு என்ன?

இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க. காரணம், 'ஒரு உரிமை'ங்கற வார்த்தையை ரெண்டு விதமா பயன்படுத்தறாங்க.

பாடப் புத்தகங்கள்ல பெரும்பாலும் ஒவ்வொரு பழைய ஷேருக்கும் ஒரு உரிமைன்னு எண்ணுவாங்க. அப்படிப் பார்த்தா உங்ககிட்ட 15 உரிமை இருக்கு. அந்த 15ஐயும் சேர்த்துக் கொடுத்தாத்தான் ஒரு புது ஷேர். இந்தக் கணக்குல ஒரு உரிமையோட மதிப்பு 13.12 ரூபாய், ஷேர் விலை குறைஞ்ச அதே தொகை.

இந்தியாவுல உங்க டீமேட் கணக்குல வர்றது வேற மாதிரி. 15 ஷேர் இருந்தா ஒரே ஒரு 'ரைட்ஸ் என்டைட்டில்மென்ட்' வரும், சுருக்கமா ஆர்.ஈ. ஒரு ஆர்.ஈ இருந்தா ஒரு புது ஷேர் வாங்கலாம். அதோட மதிப்பு:

1,453.88 − 1,257 = 196.88 ரூபாய்

ரெண்டும் ஒரே விஷயம்தான். 13.12ஐ 15ஆல பெருக்கிப் பாருங்க, பைசா வித்தியாசத்துல 196.88 வந்துடும். (பைசாவை முழுசா எழுதினா 13.125, 196.875. சரியா பொருந்தும்.)

இன்னொரு பொறியும் இருக்கு. "சந்தை விலை 1,467, புது விலை 1,257, அப்போ உரிமையோட மதிப்பு 210தானே?"ன்னு கேப்பீங்க. இல்ல. நீங்க வாங்கப் போற புது ஷேரும் 1,467 ரூபாய் ஷேர் இல்லையே, அதுவும் கலந்த மூட்டையில இருந்து வர்ற 1,453.88 ரூபாய் ஷேர்தான். அதனால 210ல இருந்து ஒரு 13 ரூபாய் கழியுது.

இதையே நினைவுல வெச்சுக்கற மாதிரி சொல்லணும்னா: கோட்டுக்கு முன்னாடி இருக்கிற விலையை வெச்சுக் கணக்குப் போட்டா, முதல்ல டெர்ப் கண்டுபிடிச்சுட்டுத்தான் கழிக்கணும். கோட்டைத் தாண்டின பிறகு சந்தை விலையிலயே குறைவு சேர்ந்திருக்கும், அப்போ நேரா சந்தை விலையில இருந்து புது ஷேரோட விலையைக் கழிச்சாப் போதும்.

மூணு பேர், 150 ஷேர்

இப்போ விஷயத்துக்கு வருவோம். மூணு பேர் இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் 150 ஷேர். 1,467 வீதம் மதிப்பு 2,20,050 ரூபாய். மூணு பேருக்கும் தலா 10 ஆர்.ஈ வருது. மூணு பேரும் மூணு விதமா முடிவெடுக்கறாங்க. இப்போதைக்குச் சந்தை வேற எந்தக் காரணத்துக்காகவும் அசையலன்னு வெச்சுக்குவோம். 1,257 முழுசையும் ஒரேயடியா கட்டணும்னும் வெச்சுக்குவோம். அதுல ஒரு திருப்பம் இருக்கு, பின்னாடி வர்றேன்.

முதல் ஆள் பணம் கட்டி 10 புது ஷேர் வாங்கறார். செலவு 12,570 ரூபாய். இப்போ அவர்கிட்ட 160 ஷேர், தலா 1,453.88 வீதம் மொத்தம் 2,32,620 ரூபாய். இதுல அவர் புதுசா போட்ட 12,570ஐக் கழிங்க. மிச்சம் 2,20,050. ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கறார். 'தள்ளுபடி லாபம்' எங்க போச்சு? புது ஷேர்ல கிடைச்ச லாபம், பழைய 150 ஷேர்ல விலை குறைஞ்சதோட சரியாப் போச்சு.

ரெண்டாவது ஆளுக்குப் புது ஷேர் வேண்டாம். 10 ஆர்.ஈயையும் சந்தையில வித்துடறார். கையில 1,968.75 ரூபாய் வருது. ஷேர் மதிப்பு 2,18,081.25. கூட்டினா மறுபடியும் 2,20,050. இவருக்கும் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. கம்பெனியில இவரோட பங்கு விகிதம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதுக்கான ஈடு காசா வந்துடுச்சு.

மூணாவது ஆள் மெசேஜைப் பார்க்கவே இல்ல. வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. இஷ்யூ முடிஞ்ச பிறகு ஆர்.ஈ காலாவதி ஆகி, கணக்குல இருந்து மறைஞ்சு போயிடும். இவர்கிட்ட மிச்சம் 2,18,081.25. நஷ்டம் 1,968.75 ரூபாய்.

இந்த 1,968.75 எங்க போச்சு? அவர் வாங்காத ஷேரை, கூடுதலா கேட்டு விண்ணப்பிச்ச வேற யாரோ 1,257க்கு வாங்கிட்டுப் போயிடுவாங்க. அதாவது இவரோட பாக்கெட்ல இருந்து நேரா அவங்க பாக்கெட்டுக்கு. பிரிட்டன்ல நடக்கற வழக்கமான ரைட்ஸ் இஷ்யூவுல, இப்படி விட்டுப் போன ஷேர்களைச் சந்தையில வித்து, விலைக்கு மேல கிடைச்ச தொகையைத் தூங்கினவருக்கே அனுப்பி வைப்பாங்க. இந்தியாவுல அப்படி ஏற்பாடு இல்ல. தூங்கினா போச்சு.

அதனால "அதிகத் தள்ளுபடி, அதனால நல்ல ஆஃபர்"ங்கற பேச்சைக் கேட்டா கொஞ்சம் நிதானிங்க. அதே 15க்கு 1 விகிதத்துல, புது ஷேரை 1,257க்குப் பதிலா 900க்குக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? டெர்ப் 1,431.56ஆ இறங்கியிருக்கும், ஒரு ஆர்.ஈயோட மதிப்பு 531.56ஆ ஏறியிருக்கும். முதல் ரெண்டு பேருக்கும் எந்த மாற்றமும் இல்ல, அதே 2,20,050தான். மூணாவது ஆளோட நஷ்டம் மட்டும் 5,300 ரூபாயைத் தாண்டியிருக்கும். தள்ளுபடி பெருசாக ஆக, பரிசு பெருசாகறது இல்ல. சும்மா இருக்கறவருக்கு விழற அபராதம்தான் பெருசாகுது.

15 ஷேர்கூட இல்லாதவங்க கதை என்ன? 10 ஷேர்தான் இருக்குன்னா ஆர்.ஈ எதுவும் வராது, பின்னத்துல கொடுக்க மாட்டாங்க. ஆனா விலைக் குறைவு அவங்களுக்கும் உண்டு, 10 ஷேருக்குச் சுமார் 131 ரூபாய். இந்த மாதிரி விடுபட்டவங்க விண்ணப்பிச்சா, ஒரு கூடுதல் ஷேர் ஒதுக்கறதுல முன்னுரிமை தர்றது வழக்கம்.

கணக்கும் சந்தையும் ஒத்துப் போச்சா?

2020 ஜனவரியில செபி ஒரு மாற்றம் கொண்டுவந்தாங்க. அதன்படி ஆர்.ஈ டீமேட் கணக்குக்கே வரும், ஷேர் மாதிரியே எக்ஸ்சேஞ்சுல வாங்கலாம் விக்கலாம். அதைப் பயன்படுத்தின முதல் பெரிய இஷ்யூ ரிலையன்ஸோடதுதான். மே 20ஆம் தேதி ஆர்.ஈ வியாபாரம் தொடங்குச்சு.

அதுக்கு முந்தின நாள் ஷேர் முடிஞ்சது சுமார் 1,409 ரூபாய்ல. ஏப்ரல் கடைசியில நாம போட்ட 1,453.88 இல்ல. அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, கொரோனா ஊரடங்குக் காலம், நடுவுல மூணு வாரம் ஓடியிருக்கு, சந்தை தன் பாட்டுக்கு ஏறி இறங்கியிருக்கு. டெர்ப் ஒரு ஜோசியம் இல்ல. "மத்ததெல்லாம் அப்படியே இருந்தா"ங்கற நிபந்தனையோட வர்ற ஒரு அளவுகோல். அதனால விலை மாற மாற அதை மறுபடி போடணும்.

சரி, கோட்டைத் தாண்டியாச்சு, நேரா கழிக்கலாம். 1,409 − 1,257 = 152 ரூபாய். ஆர்.ஈ அந்த இடத்துலதான் இருக்கணும். ஆனா முதல் நாள் வியாபாரம் முடியும்போது ஆர்.ஈ சுமார் 212 ரூபாய்ல இருந்துச்சு. அன்னைக்கு ஷேரும் ஏறி 1,430 பக்கம் வந்தது உண்மை. அப்படிப் பார்த்தாலும் ஆர்.ஈயோட கணக்கு மதிப்பு 173 ரூபாய்தான். மிச்சம் 40 ரூபாயை எதுக்குக் கூடுதலா கொடுத்தாங்க?

இதுதான் நான் முன்னாடி சொன்ன திருப்பம். 1,257ஐ ஒரேயடியா கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும்போது 314.25 ரூபாய் மட்டும். அடுத்த 314.25 ரூபாய் 2021 மே மாசம். கடைசி 628.50 ரூபாய் 2021 நவம்பர்ல. அதாவது முக்கால்வாசிப் பணத்தை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் கட்டணும். அதுவரைக்கும் அந்தக் காசு உங்ககிட்டயே வட்டி சம்பாதிக்கும். வருஷத்துக்கு 7% வட்டின்னு வெச்சுக் கணக்குப் போட்டா, அந்தச் சலுகையோட இன்றைய மதிப்பு ஒரு ஷேருக்குச் சுமார் 80 ரூபாய். அப்போ சந்தை 40 ரூபாய் கூடுதலா கொடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லன்னு புரியுது.

ஏன் முழு 80 கொடுக்கல? பாதிப் பணம் கட்டின ஷேருக்கு முழு டிவிடெண்ட் வராது, கட்டின அளவுக்குத்தான் வரும். அடுத்த தவணையைக் கட்டாம விட்டா ஷேரே பறிபோகலாம். இந்தத் தொல்லைக்கெல்லாம் சந்தை கொஞ்சம் கழிச்சுக்கும். ஆக, எந்த ரைட்ஸ் இஷ்யூ வந்தாலும், சூத்திரத்தைப் போடறதுக்கு முன்னாடி "பணத்தை எப்போ எப்போ கட்டணும்?"னு பார்த்துடுங்க. தவணை இருந்தா நேரடிக் கழித்தல் கணக்கு ஆர்.ஈயோட மதிப்பைக் குறைச்சுக் காட்டும்.

உரிமையோட மதிப்பு பூஜ்யம் ஆனா?

இதுவரைக்கும் பார்த்தது சந்தை விலை, புது ஷேர் விலையைவிட மேல இருந்த கதை. அது கீழ போயிட்டா என்ன ஆகும்னு பார்க்க பிரிட்டனுக்குப் போகணும்.

2008, உலக நிதி நெருக்கடி. எச்.பி.ஓ.எஸ்ங்கற பெரிய பிரிட்டிஷ் வங்கி 400 கோடி பவுண்டு திரட்ட ரைட்ஸ் இஷ்யூ அறிவிச்சது. 5 ஷேருக்கு 2 புது ஷேர், விலை 275 பென்ஸ். அறிவிச்சப்போ அது சந்தை விலையைவிட ரொம்பக் குறைவு. ஆனா பணம் கட்டற கடைசி நாட்கள் வர்றதுக்குள்ள சந்தை விலை சரிஞ்சு 275க்குக் கீழ போயிடுச்சு. கடையிலயே மலிவா கிடைக்கும்போது யார் கூடுதல் விலை கொடுப்பாங்க? ஜூலையில முடிவு வந்தப்போ, 8 சதவீதத்தைச் சொச்சம் தாண்டின அளவு ஷேர்களுக்குத்தான் ஆள் இருந்தாங்க. மிச்சம், "யாரும் வாங்கலன்னா நாங்க வாங்கிக்கறோம்"னு உறுதி கொடுத்திருந்த நிறுவனங்கள் தலையில விழுந்துச்சு.

இதுல இருந்து நமக்கு வேண்டியது ரெண்டு. ஒண்ணு, உரிமையோட மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழ போகாது. ஏன்னா அது உரிமை, கடமை இல்ல, வேண்டாம்னு விட்டுடலாம். ரெண்டு, அப்படி ஒரு நிலைமையில விண்ணப்பிச்சா நீங்கதான் நஷ்டப்படுவீங்க. கம்பெனி மேல நம்பிக்கை இருந்தாக்கூட, சந்தையிலயே வாங்கறதுதான் மலிவு. அதனால விண்ணப்பிக்கற அன்னைக்குச் சந்தை விலையை ஒரு தடவை பார்த்துடுங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி பார்த்த விலை உதவாது.

மெசேஜ் வந்தா என்ன பண்ணணும்?

டீமேட்ல பேருக்குப் பின்னாடி -RE ன்னு முடியற ஒண்ணு புதுசா தெரிஞ்சா, அது இலவச ஷேர் இல்ல. தேதி போட்ட கூப்பன். ரெண்டு தேதியைக் குறிச்சுக்கோங்க. எக்ஸ்சேஞ்சுல ஆர்.ஈ விக்கறதுக்கான கடைசி நாள் ஒண்ணு, விண்ணப்பிக்கறதுக்கான கடைசி நாள் இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ரிலையன்ஸ் விஷயத்துல விக்கற கெடு மே 29லயே முடிஞ்சது, விண்ணப்பம் ஜூன் 3 வரைக்கும் இருந்துச்சு. "ஜூன் 3 வரை டைம் இருக்கே, அப்புறம் வித்துக்கலாம்"னு இருந்தா எக்ஸ்சேஞ்சுல விக்கற வாய்ப்பு போயிருக்கும்.

அடுத்து, விலையைச் சரிபாருங்க. ஷேரோட இன்றைய விலையில இருந்து இஷ்யூ விலையைக் கழிங்க. தவணை எதுவும் இல்லாம ஆர்.ஈ அதைவிட அதிகமா போகுதுன்னா, உங்களுக்கு வித்துடறதுதான் நல்லது. ஷேர் வேணும்னா அந்தக் காசோட சேர்த்துச் சந்தையிலயே வாங்கிக்கலாம். ஆர்.ஈ அதைவிடக் குறைவா போகுதுன்னா, விக்கறதைவிட விண்ணப்பிக்கறது லாபம்.

கடைசியா ஒண்ணு. ஷேர் விலை 1,400 இருக்கும்போது பக்கத்துலயே 150 ரூபாய்க்கு ஏதோ ஒண்ணு அதே பேர்ல தெரியுதேன்னு ஆர்.ஈயைச் சந்தையில வாங்கிடாதீங்க. அது மலிவான ஷேர் இல்ல. வாங்கின பிறகு தனியா விண்ணப்பம் போட்டு, வங்கி மூலமா இஷ்யூ பணத்தையும் கட்டினாத்தான் ஷேர் கைக்கு வரும். கட்டலன்னா, ஆர்.ஈக்குக் கொடுத்த 150 ரூபாயும் இஷ்யூ முடியற அன்னைக்கே பூஜ்யம்.

உங்க போர்ட்ஃபோலியோவுல ஏற்கெனவே ரைட்ஸ் இஷ்யூ நடந்த ஷேர் ஏதாவது இருந்தா, அதோட விகிதத்தையும் விலையையும் எடுத்து ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. மூணு பேர்ல நீங்க யாரா இருந்தீங்கன்னு தெரிஞ்சுடும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.